இந்திய ரயிலில் ஃபாரின் டூரிஸ்ட் கோட்டா: சிங்கப்பூரிலிருந்து போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை

டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விகள்தான். தேக்காவில் காய்கறி வாங்கும்போது நிறுத்திக் கேட்டவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, பதிலை ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். முதலில் அடிப்படை, கீழே போகப் போகச் சிக்கல். நடுவில் குதிக்காமல் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் ஓடுகின்றன.

வெளிநாட்டுக்காரங்களுக்கு ரயில்ல தனியா சீட் வச்சிருக்காங்களாமே, நெசமா?

நிஜம்தான். இந்திய ரயில்வே ஒவ்வொரு ரயிலின் இடங்களையும் பல கோட்டாக்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. பொதுமக்களுக்கான ஜெனரல் கோட்டா, கடைசி நேரத்துக்கான தட்கல், பெண்களுக்கு, மூத்தோருக்கு என்று போகும் அந்த வரிசையில் ஒன்றுதான் ஃபாரின் டூரிஸ்ட் கோட்டா. திரையில் FT என்று இருக்கும். குறிப்பிட்ட சில ரயில்களில், குறிப்பிட்ட சில வகுப்புகளில், கொஞ்சம் படுக்கைகளை வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று ஒதுக்கி வைக்கிறார்கள்.

"கொஞ்சம்" என்பதைக் கவனியுங்கள். ஒரு பெட்டி முழுக்க என்று நினைத்துக்கொண்டு, மாமா குடும்பம் அத்தை குடும்பம் என்று பன்னிரண்டு பேருக்குத் திட்டம் போடாதீர்கள். இரண்டு மூன்று பேருக்குக் கிடைக்கும் இடம் ஏழெட்டுப் பேருக்கு ஒரே ரயிலில் கிடைப்பது அரிது.

ஜெனரல்ல போடறதுக்கும் இதுக்கும் என்னதான் வித்தியாசம்?

பெரிய வித்தியாசம் நாள் கணக்கு. ஜெனரல் கோட்டா முன்பதிவு முன்பு 120 நாளைக்கு முன்னால் திறக்கும். 2024 நவம்பர் 1 முதல் அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். ஆனால் அதே அறிவிப்பில், வெளிநாட்டுப் பயணிகளுக்கான 365 நாள் வரம்பில் மாற்றமில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். டிசம்பர் 12 அன்று கிளம்பும் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் இருப்பவருக்கு அது அக்டோபர் 13 அன்று இந்திய நேரம் காலை 8 மணிக்கு, அதாவது நமக்கு 10:30க்குத்தான் திறக்கும். ஃபாரின் டூரிஸ்ட் கோட்டாவில் அதற்கு முந்தைய டிசம்பரிலிருந்தே போடலாம். விமான டிக்கெட்டை மார்ச்சில் மலிவாக வாங்கி வைத்துவிட்டு, ரயில் கிடைக்குமா கிடைக்காதா என்று அக்டோபர்வரை நகம் கடிக்கும் நம் ஆட்களுக்கு இது பெரிய நிம்மதி.

இரண்டாவது, வெயிட்டிங் லிஸ்ட் கிடையாது. ஜெனரலில் இடம் தீர்ந்தால் ஒரு படுக்கையை இருவர் பகிர்ந்துகொள்ளும் ஆர்ஏசி, அப்புறம் வெயிட்டிங் லிஸ்ட் என்று நீளும். ஆன்லைனில் எடுத்த வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட், ரயில் கிளம்புவதற்கு முன் இறுதிப் பயணிகள் பட்டியலான சார்ட் போட்ட பிறகும் உறுதியாகாவிட்டால் தானாகவே ரத்தாகிவிடும், அதை வைத்துக்கொண்டு ஏற முடியாது. ஃபாரின் டூரிஸ்ட் கோட்டாவில் இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. எடுத்த டிக்கெட் உறுதியான டிக்கெட்.

மூன்றாவது, காசு. அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

நான் பிஆர்தான், பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட். எனக்கும் உண்டா?

இங்கேதான் பாதிப் பேர் குழம்புகிறார்கள். சிங்கப்பூரில் இருபது வருடமாக இருக்கிறோம், நீல ஐசி இருக்கிறது, அதனால் வெளிநாட்டுப் பயணி என்று நினைக்கிறார்கள். ரயில்வே உங்கள் ஐசியைப் பார்ப்பதில்லை, பாஸ்போர்ட்டைத்தான் பார்க்கிறது. ஆன்லைனில் இந்தக் கோட்டாவில் போட, பயணியின் குடியுரிமை இந்தியா அல்லாததாகவும் பாஸ்போர்ட் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டாகவும் இருக்க வேண்டும். பிஆர், எஸ் பாஸ், இபி எதுவாக இருந்தாலும் கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஆன்லைனில் இது உங்களுக்கு இல்லை.

வெளிநாட்டுவாழ் இந்தியர்களுக்கும் இந்தக் கோட்டாவில் இடம் கொடுக்கும் வழக்கம் இந்தியாவில் உள்ள வெளிநாட்டுப் பயணிகளுக்கான கவுண்ட்டர்களில் உண்டு. ஆனால் நேரில் போக வேண்டும், வெளிநாட்டில் வசிப்பதற்கான சான்றும் பாஸ்போர்ட்டும் கையில் வேண்டும். அதை நம்பி டிசம்பர் பயணத்தைத் திட்டமிட வேண்டாம் என்பது என் கருத்து. உங்களுக்கு வேறொரு நல்ல வழி இருக்கிறது, கலப்புக் குடும்பம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

என்னென்ன காட்டணும்? பாஸ்போர்ட் ஜெராக்ஸ் போதுமா?

போதாது. ரயிலில் டிடிஆர் வரும்போது அசல் பாஸ்போர்ட்டும் செல்லுபடியாகும் விசாவும் கையில் இருக்க வேண்டும். சாதாரண ஆன்லைன் டிக்கெட்டில் ஒரு குழுவில் ஒருவர் அசல் அடையாள அட்டை காட்டினால் போதும். அதே பழக்கத்தில், அப்பா பாஸ்போர்ட் மட்டும் கைப்பையில், மற்றவர்களுடையது பெர்த்துக்கு அடியில் பூட்டிய பெட்டியில் என்று வைத்துவிடாதீர்கள். இது வெளிநாட்டவர் என்ற தகுதியின் பேரில் எடுத்த டிக்கெட், அந்தத் தகுதி ஒவ்வொருவருக்கும் தனித்தனி. எல்லாருடைய பாஸ்போர்ட்டும் எடுக்கிற மாதிரி இருக்கட்டும். தகுதியை நிரூபிக்க முடியாவிட்டால் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தவராகவே நடத்துவார்கள்.

இ-விசா எடுத்தவர்கள், விசா அனுமதியாக மின்னஞ்சலில் வரும் ஈடிஏ தாளை அச்செடுத்து பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் குத்திய முத்திரை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றும் பார்த்து வையுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு, பாதித் தூக்கத்தில், டிடிஆர் பக்கத்தில் நிற்க, ஜொகூர் போய்வந்த முத்திரைகளுக்கு நடுவில் இந்திய முத்திரையைத் தேடுவது தொல்லை. ஒரு சின்ன மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி வைத்தால் முடிந்தது.

விசாவே இன்னும் எடுக்கலையே, டிக்கெட்டை எப்படி முன்னாடியே போடறது?

போடும்போது கேட்பது பெயர், வயது, குடியுரிமை, பாஸ்போர்ட் எண் போன்றவை. விசா பயணத்தன்று இருக்க வேண்டும். ஒரு வருடம் முன்னால் திறக்கும் கோட்டாவுக்கு விசாவையும் அப்போதே கேட்டால் யாராலும் போட முடியாது, 30 நாள் இ-டூரிஸ்ட் விசாவுக்கெல்லாம் இந்தியாவுக்குப் போவதற்கு முந்தைய 30 நாளுக்குள்தான் விண்ணப்பிக்கவே முடியும்.

ஒன்று மட்டும் பாருங்கள். ஒரு வருட, ஐந்து வருட இ-டூரிஸ்ட் விசா ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், அது ரயில் ஓடும் நாள்வரை செல்லுபடியாகிறதா என்று டிக்கெட் போடும்போதே பார்த்துவிடுங்கள். போன தடவை எடுத்த விசா இருக்கிறது என்ற தைரியத்தில் தேதியைப் பார்க்காமல் விடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

ஓசிஐ கார்டு இருக்கு. அப்போ நான் டூரிஸ்டா இல்லையா?

ஓசிஐ என்பது இந்தியக் குடியுரிமை இல்லை. உங்கள் பாஸ்போர்ட் சிவப்பு சிங்கப்பூர் பாஸ்போர்ட், குடியுரிமைப் பெட்டியில் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியதும் சிங்கப்பூர்தான். விசாவின் இடத்தில் உங்களிடம் இருப்பது ஓசிஐ அட்டை, ஆகவே பாஸ்போர்ட்டோடு அதையும் அசலாக எடுத்துப் போகவேண்டும்.

ஆனால் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்: கோட்டா விதி பேசுவது வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டையும் சுற்றுலா விசாவையும் பற்றி. ஓசிஐ அட்டையைப் பார்த்து ஒரு அதிகாரி கேள்வி கேட்டால் நீங்கள் விளக்கவேண்டி வரும். வாக்குவாதத்துக்கு இடமே வேண்டாம் என்கிற ரகமா நீங்கள்? ஜெனரலில் போடுங்கள். ஓசிஐ வைத்திருப்பவருக்கு ஜெனரலில் எந்தத் தடையும் இல்லை. சுற்றுலா விசாவில் போகிற சிங்கப்பூர்க்காரருக்கும் அப்படித்தான், வெளிநாட்டவர் என்றால் இந்தக் கோட்டாவில்தான் போடவேண்டும் என்று எங்கேயும் இல்லை.

ஐஆர்சிடிசி கணக்கு திறக்கவே முடியல, +65 நம்பர் எடுக்குமா?

எடுக்கும். பதிவு செய்யும்போது நாட்டுக் குறியீட்டில் 65 தேர்ந்தெடுத்து உங்கள் கைப்பேசி எண்ணைப் போடுங்கள். வெளிநாட்டு எண்ணில் பதிவதற்கு ஒரு தடவைக் கட்டணம் 100 ரூபாயும் ஜிஎஸ்டியும் வாங்குகிறார்கள். மின்னஞ்சலுக்கும் ஓடிபி வரும், குப்பை மடலிலும் பாருங்கள்.

முக்கியமான விஷயம், ஃபாரின் டூரிஸ்ட் கோட்டாவுக்கு இந்த வெளிநாட்டு எண்ணில் சரிபார்க்கப்பட்ட கணக்குதான் வேண்டும். ஊரில் ஜியோ சிம் வாங்கி அந்த எண்ணில் கணக்கு திறந்து வைத்திருப்பவர்கள், "எனக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்குது" என்று கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கணக்கு ரெடி. அந்த கோட்டா எங்கே இருக்குன்னே தெரியலையே?

வழக்கமாகத் தேடும் பக்கத்தில் கோட்டா பட்டியலில் தேடிக்கொண்டிருந்தால் விடியாது. irctc.co.in தளத்தில் மேலே TRAINS என்ற மெனுவைத் திறந்தால் Foreign Tourist Booking என்று தனியாக ஒன்று இருக்கும். அதற்குள் போய் ஊர், தேதி, வகுப்பு கொடுத்துத் தேடவேண்டும். கைப்பேசிச் செயலியைவிடக் கணினியில் செய்வது சுலபம்.

டிக்கெட் வந்ததும் அதில் கோட்டா என்ற இடத்தில் FOREIGN TOURIST (FT) என்று இருக்கிறதா என்று பாருங்கள். GENERAL (GN) என்று இருந்தால் நீங்கள் வேறு வழியாகப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். அதனால் டிக்கெட் செல்லாது என்றில்லை, சாதாரண டிக்கெட்டாகச் செல்லும்.

கார்டுல காசு போயிடுச்சு, டிக்கெட் வரல. மறுபடி போடவா?

அவசரப்படாதீர்கள். முதலில் உங்கள் கணக்கில் எடுத்த டிக்கெட் பட்டியலைத் திறந்து பாருங்கள், சில சமயம் டிக்கெட் பதிவாகியிருக்கும், திரைதான் நின்றுபோயிருக்கும். பட்டியலில் இல்லையென்றால் பணம் வந்த வழியே திரும்பிவிடும், கொஞ்ச நாள் ஆகும்.

பணம் கட்டும் பக்கத்தில் வெளிநாட்டு கார்டை ஏற்கும் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யூபிஐ, இந்திய வங்கி என்று இருப்பதையெல்லாம் தாண்டி, இன்டர்நேஷனல் கார்டு என்று போட்டிருப்பதைத் தொடுங்கள். கட்டும்போது உங்கள் வங்கிச் செயலி ஒப்புதல் கேட்கும், கைப்பேசியைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். அதைத் தேடி எடுத்து வருவதற்குள் பக்கம் காலாவதியாகிவிடும்.

பாஸ்போர்ட்ல பேரு s/o போட்டு நீளமா இருக்கு. எப்படி அடிக்கறது?

இது நம் ஊருக்கே உரிய தலைவலி. ஐஆர்சிடிசியின் பெயர்ப் பெட்டி சின்னது, கோடு போட்ட s/o, d/o எல்லாம் அதில் நுழையாது. அதற்காக அப்பா பெயரையும் சேர்த்துப் பாதியில் வெட்டுப்பட்ட மாதிரி அடிக்க வேண்டாம். பாஸ்போர்ட்டில் "குமார் s/o ராமசாமி" என்று இருந்தால், சொந்தப் பெயரான குமாரை பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே அடித்து, இடம் இருந்தால் ராமசாமியையும் அடியுங்கள், இல்லையென்றால் முதல் எழுத்து மட்டும்.

டிடிஆர் பார்ப்பது பெயர் அடையாளம் தெரிகிற மாதிரி இருக்கிறதா, வயது, ஆணா பெண்ணா, பாஸ்போர்ட் எண் பொருந்துகிறதா என்பதைத்தான். வீட்டில் கூப்பிடும் பெயரை மட்டும் அடித்துவிடாதீர்கள். பாஸ்போர்ட் எண்ணை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள், பெயரில் இருக்கும் சின்ன வேறுபாட்டை அந்த எண்தான் காப்பாற்றும்.

விலை ஏன் இவ்வளவு அதிகமா காட்டுது? ஏமாத்தறாங்களா?

ஏமாற்றவில்லை, இந்தக் கோட்டாவுக்கு ஆன்லைனில் கட்டணமே தனி. அதே ரயில், அதே வகுப்பு, ஜெனரலைவிடக் கூடுதல். அதோடு டிக்கெட் ஒன்றுக்கு 200 ரூபாய் சேவைக் கட்டணமும் ஜிஎஸ்டியும் சேரும். காசு கட்டுவதற்கு முன் மொத்தத் தொகை திரையில் வந்துவிடும், இன்னொரு ஜன்னலில் அதே ரயிலை ஜெனரலில் தேடி ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள். டிக்கெட் ஒன்றுக்குத்தான் சேவைக் கட்டணம், ஆளுக்கு ஒன்று இல்லை, அதனால் சேர்ந்து போகிறவர்களை ஒரே டிக்கெட்டில் போடுவது லாபம்.

மூத்தோர் சலுகை இல்லையா என்று கேட்பவர்களுக்கு: அது 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டது, ஜெனரலிலும் இல்லை.

ஜெனரல்ல இடம் இருக்கு, ஆனா டூரிஸ்ட் கோட்டால இல்லைன்னு வருது. எப்படி?

மூன்று காரணங்கள் இருக்கலாம். அந்த ரயிலிலேயே இந்தக் கோட்டா இல்லாமல் இருக்கலாம். ரயிலில் இருந்தும் நீங்கள் தேடிய வகுப்பில் இல்லாமல் இருக்கலாம். மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது: கோட்டா எந்த நிலையத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறதோ அங்கிருந்து தேடினால்தான் வரும். பெரும்பாலும் அது ரயில் கிளம்பும் நிலையம். பாண்டியன் எக்ஸ்பிரஸ் எழும்பூரில் கிளம்பி மதுரைக்குப் போகிறது. நீங்கள் விழுப்புரத்தில் ஏறி மதுரை போகத் தேடினால், எழும்பூர்ப் பயணிகளுக்கு ஒதுக்கிய இடம் உங்களுக்குக் காட்டாது.

அதனால் தேடும்போது முதலில் கிளம்பும் நிலையத்திலிருந்து கடைசி நிலையம்வரை போட்டு, கோட்டா இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் வகுப்பை மாற்றிப் பாருங்கள், இரண்டடுக்கு ஏசியில் முதலில் தேடுவது என் வழக்கம். திருச்சியில் விமானம் இறங்கி அங்கிருந்து சென்னைக்கு ரயிலில் போகிறவர்கள், கன்னியாகுமரியிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வரும் ரயில்களைவிட, திருச்சியிலேயே கிளம்பும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் முதலில் தேடுவது புத்திசாலித்தனம்.

ஊர்ல சித்தப்பாவும் எங்களோட காசிக்கு வர்றார். அவரையும் இதே டிக்கெட்ல சேர்க்கலாமா?

கூடாது. அவர் இந்தியக் குடிமகன், இந்தக் கோட்டாவில் அவருக்கு இடமில்லை. குடியுரிமையில் சிங்கப்பூர் என்று போட்டு ஏதோ ஒரு எண்ணை அடித்துச் சேர்த்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். ரயிலில் மாட்டப்போவது யோசனை சொன்னவர் இல்லை, சித்தப்பா.

நான் சிட்டிசன், மனைவி பிஆர், பிள்ளைங்க சிட்டிசன், அம்மாவும் சிட்டிசன். மொத்தமா எப்படிப் போடறது?

அதிகம் வரும் கேள்வியும் இதுதான், சிக்கலும் இதுதான். ஒரு குடும்பத்தை வைத்தே பார்ப்போம். ஐந்து பேர், பிள்ளைகள் இருவரும் ஐந்து வயதைத் தாண்டியவர்கள். டில்லிவரை விமானம், அங்கிருந்து டிசம்பர் 12 இரவு சிவகங்கா எக்ஸ்பிரஸில், எண் 12560, புது டில்லியிலிருந்து காசிக்கு. ரயில் புது டில்லியிலேயே கிளம்புகிறது, ஆக மேலே சொன்ன நிலையப் பிரச்சினை இல்லை. மனைவியிடம் இந்தியப் பாஸ்போர்ட்டும் ஆதாரும் இருக்கின்றன.

முதல் வழி, கணவர் தன் +65 கணக்கில் ஃபாரின் டூரிஸ்ட் கோட்டாவில் நான்கு பேருக்கு முன்கூட்டியே போடுவது, மனைவிக்கு மட்டும் அக்டோபர் 13 அன்று ஜெனரலில் போடுவது. நான்கு பேருக்கு இடம் உறுதி, ஆனால் மனைவியின் பெட்டியே வேறாக அமையலாம். அதைவிட மோசம், மனைவிக்கு வெயிட்டிங் லிஸ்டில் விழுந்தால் நான்கு டிக்கெட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்த வழியில் நான்கு டிக்கெட்டுக்கும் கூடுதல் விலை வேறு.

இரண்டாவது வழி, மனைவியின் கணக்கில் ஐந்து பேருக்கும் ஜெனரலில் ஒரே டிக்கெட். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்வரை போடலாம், சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குக் குடியுரிமையைச் சிங்கப்பூர் என்று மாற்றி எண்ணை அடிக்கவேண்டும், அவ்வளவுதான். ஏன் மனைவியின் கணக்கு? 2025 அக்டோபர் 1 முதல், ஜெனரல் முன்பதிவு திறந்த முதல் 15 நிமிடத்துக்கு ஆதார் சரிபார்த்த கணக்கில்தான் போடமுடியும் என்று கொண்டுவந்தார்கள், பிறகு அந்த நேரத்தை இன்னும் நீட்டினார்கள். கணவரின் கணக்கில் ஆதார் இல்லை, அவர் உள்ளே நுழையும்போது நல்ல ரயில்களில் இடம் பறந்திருக்கும். ஆதார் கேட்பது கணக்கு வைத்திருப்பவரிடம், கூடப் போகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் இல்லை. ஆனால் ஓடிபி ஆதாரோடு இணைத்த எண்ணுக்குத்தான் வரும், அந்த இந்திய சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்துக் கிடக்கிறதா என்பதைச் செப்டம்பரிலேயே பார்த்துவிட வேண்டும். அன்றைக்கு 10:15க்கே உள்ளே போய்ப் பயணிகள் பட்டியலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், வீட்டில் ஒருவரிடமாவது உயிரோடு இருக்கும் ஆதார் கணக்கு இருந்தால் இரண்டாவது வழி. எல்லாருமே சிட்டிசன், யாரிடமும் ஆதார் இல்லை, தேதியும் மாறாது என்றால் யோசிக்காமல் ஃபாரின் டூரிஸ்ட் கோட்டா. உண்மையில் அந்தக் கோட்டா இப்போது யாருக்காக இருக்கிறது என்றால் அவர்களுக்காகத்தான்.

கடைசி நேரத்துல தட்கல் போட்டுக்கலாமே, எதுக்கு இவ்வளவு கஷ்டம்?

முன்பு அப்படிச் சொல்லலாம். 2025 ஜூலை 1 முதல் ஆன்லைன் தட்கலுக்கும் ஆதார் சரிபார்த்த கணக்கு கட்டாயம். +65 எண்ணும் சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டும் மட்டும் வைத்திருப்பவருக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. ஆதார் கணக்குள்ள உறவினர் போட்டுத் தரலாம், ஏசி வகுப்புகளுக்கு நம் நேரம் 12:30க்குத் திறக்கும். ஆனால் பண்டிகை நாளில் அது லாட்டரிதான்.

ஊருக்குப் போய் ஸ்டேஷன்லயே வாங்கிக்கலாமா?

வாங்கலாம். சென்னையில் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தின் முன்பதிவு அலுவலகம், புது டில்லி நிலையத்தின் இன்டர்நேஷனல் டூரிஸ்ட் பியூரோ, மும்பை சர்ச்கேட், கொல்கத்தா ஃபேர்லி பிளேஸ், இங்கெல்லாம் வெளிநாட்டுப் பயணிகளைக் கவனிக்கிறார்கள். படிவம் நிரப்பி, பயணம் போகும் எல்லாருடைய அசல் பாஸ்போர்ட்டையும் விசாவையும் காட்டவேண்டும். எண்ணை மட்டும் தாளில் எழுதிக்கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாலு நாள் கழித்துப் போகிற பயணத்துக்கு, அதுவும் மாணவர்கள் இரண்டு பேர் முதுகுப்பையோடு சுற்றுகிற மாதிரி இருந்தால், இது நல்ல வழி.

டில்லியில் ஒரு எச்சரிக்கை. நிலைய வாசலில் ஒருவர் வந்து, டூரிஸ்ட் ஆபீஸ் மூடிவிட்டார்கள், இடம் மாற்றிவிட்டார்கள், நான் கூட்டிப் போகிறேன் என்பார். கழுத்தில் அட்டைகூடத் தொங்கும். அவர் கூட்டிப் போவது ஏதாவது ஒரு டிராவல்ஸ் கடைக்கு. ரயில்வேயின் அலுவலகம் நிலைய வளாகத்துக்குள்தான் இருக்கும், ஆட்டோவில் ஏற்றினால் அது வேறு இடம். சந்தேகமாக இருந்தால் உள்ளே சீருடை போட்ட ஊழியரைக் கேளுங்கள்.

டிக்கெட் போட்டப்புறம் பாஸ்போர்ட் புதுப்பிச்சுட்டேன், நம்பர் மாறிடுச்சு. இப்போ?

ஒரு வருடம் முன்னால் போடும் வசதியின் பக்க விளைவு இது. டிக்கெட்டில் பழைய எண், கையில் புதிய பாஸ்போர்ட். பழையதையும் எடுத்துப் போங்கள், மூலை வெட்டியிருந்தாலும் பரவாயில்லை, பெயரும் படமும் பழைய எண்ணும் அதில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துக் காட்டினால் ஆள் ஒருவர்தான் என்று புரியும்.

ரயிலைவிட விசாதான் இங்கே பெரிய விஷயம். பழைய பாஸ்போர்ட் எண்ணில் எடுத்த இ-விசா இருந்தால் அதை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள், சாங்கியில் விமானம் ஏறும்போதே கேட்பார்கள். பிள்ளைகளின் பாஸ்போர்ட் சீக்கிரம் முடிகிற மாதிரி இருந்தால், முதலில் அதைப் புதுப்பித்துவிட்டு அப்புறம் ரயில் டிக்கெட் போடுங்கள். இரண்டு வாரம் தாமதமானாலும் 365 நாளில் அது ஒன்றும் பெரிதில்லை.